இரைச்சல் போகவேண்டும், எழுத்து போகக்கூடாது: பழைய கசற்றிலுள்ள பேச்சைத் துப்புரவு செய்யும் முறை

பழைய கசற்றில் இருக்கும் ஒரு குரலைக் கொம்பியூட்டரில் ஏற்றித் துப்புரவு செய்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு குறையைத்தான் சொல்கிறார்கள். "இரைச்சல் போகவே இல்ல" என்பது ஒன்று. "இரைச்சல் போயிட்டு, ஆனா ஆள்ற குரல் மாறிப் போச்சி, மெசின் கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்பது மற்றது. இரண்டாவதே கூடுதல் ஆபத்தானது. இரைச்சலோடு இருக்கும் குரலைக் காது கொடுத்துக் கேட்டு எழுதிவிடலாம். தேய்ந்துபோன குரலில் இல்லாத எழுத்தை யாராலும் கேட்க முடியாது.

நம் வாய்மொழிப் பதிவுகளில் இதற்குத் தனியான ஒரு காரணமும் உண்டு. முஸ்லிம்களின் பேச்சுத்தமிழில் ஸ, ஷ, ஹ, ஃப போன்ற ஒலிகள் அதிகம். ஆட்களின் பெயர்கள், நேரத்தைச் சொல்லும் ஸுபஹ், அஸர், இஷா, அன்றாடச் சொற்கள் என எல்லாவற்றிலும் அவை வரும். இந்த ஒலிகளுக்கு 'அ', 'இ' போல ஒரு சுருதி கிடையாது. காற்று உரசி எழும் 'ஸ்ஸ்' போன்ற ஓசைதான் அவை. கசற்றின் நாடா எழுப்பும் 'ஷ்ஷ்' இரைச்சலும் ஏறக்குறைய அதே ஓசை. ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருளுக்கு இவ்விரண்டையும் பிரித்தறியும் மூளை இல்லை. பலமாகத் துடைக்கச் சொன்னால் இரைச்சலோடு சேர்த்து 'ஸ'வையும் துடைத்துவிடும். அப்போது 'ஸலீம்' என்ற பெயர் 'அலீம்' என்று கேட்கும். ஒரு குடும்ப வரலாற்றில் இவர்கள் இரண்டு வேறு ஆட்கள்.

இக்கட்டுரை ஒரே ஒரு கசற்றை எடுத்துக்கொண்டு அந்த வேலையைப் படிப்படியாகச் சொல்கிறது. கிழக்கு மாகாணத்துக் கிராமமொன்றில் 1980களின் நடுப்பகுதியில் ஒரு மூத்தம்மாவின் பேச்சைப் பேரன் பதிவு செய்த கசற் அது. ஒரு பக்கம் முப்பது நிமிடம். 1978 நவம்பரில் அடித்த சூறாவளியை அவர் நினைவுகூர்கிறார். நடுவில் சில நாட்டார் கவிகளையும் பாடுகிறார். பற்றரியில் ஓடிய சிறிய றெக்கோடர். மேலே ரியூப் லைற். பக்கத்தில் மேசை ஃபேன். சீமெந்துத் தரையும் வெறும் சுவர்களும் உள்ள அறை. வீட்டார் முன்பு யாரிடமோ கொடுத்துத் துப்புரவு செய்வித்த ஒரு பிரதியும் இருந்தது. மெசின் குரலில், 'ஸலீம்' 'அலீம்' ஆன பிரதி அதுதான். ஆகவே மூலக் கசற்றிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

முதலில் நல்ல பிரதி

துப்புரவில் பாதி வேலை கசற்றை ஏற்றும்போதே முடிந்துவிடும். கசற் செற்றின் ஹெட்டை ஐசோபுரொபைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிட வேண்டும். அழுக்குப் படிந்த ஹெட் உயர்ந்த ஒலிகளை, அதாவது நமக்கு வேண்டிய 'ஸ', 'ஷ' ஒலிகளையே, முதலில் விழுங்கும். ஹெட்டின் சாய்வு பிசகியிருந்தாலும் இதே கதைதான். ஹெட்டின் ஓரத்தில் ஒரு சிறிய ஆணி இருக்கும். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை மெல்ல, அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பார்த்தால் ஓரிடத்தில் குரல் திடீரென்று தெளியும். அந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். மந்தமாக ஏறிய குரலை எந்த வடிகட்டியாலும் பிறகு கூர்மையாக்க முடியாது. கூர்மையாக்கப் போனால் இரைச்சல்தான் கூடும்.

அடுத்தது 'ங்ங்' என்ற மின் உறுமல். அது கசற்றில் உள்ளதா, நம்முடைய வயரால் வருவதா என்று முதலில் அறிய வேண்டும். இதற்கு எளிய சோதனை உண்டு. கசற்றை நிறுத்திவிட்டு, வயரைக் கழற்றாமல், கொம்பியூட்டர் பதிவை மட்டும் ஓடவிடுங்கள். உறுமல் தொடர்ந்து கேட்டால் அது கசற்றினுடையது அல்ல. பெரும்பாலும் லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓடவிட்டாலே அது நின்றுவிடும். இப்படி ஒரு பிளக்கைக் கழற்றிப் போக்கக்கூடிய உறுமலை வடிகட்டிக்கொண்டிருப்பது வீண்வேலை.

பதிவின் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, 24 பிட் WAV கோப்பாகச் சேமித்தோம். இந்த மூலக் கோப்பை இனி யாரும் தொடக்கூடாது. எல்லா வேலையும் அதன் பிரதியிலேயே. எம்பி3 ஆக்கியோ வட்ஸப்பில் அனுப்பியோ பெற்ற கோப்பில் வேலை செய்வதானால் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அந்த முறைகள் கோப்பைச் சிறிதாக்க மெல்லிய ஒலிகளை ஏற்கெனவே எறிந்துவிட்டிருக்கும். அதன்மேல் துடைத்தால் மெசின் குரல் இன்னும் சீக்கிரம் வரும்.

உறுமல் சொன்ன இரகசியம்

துடைப்பதற்கு முன் பார்க்க வேண்டும். குரலே இல்லாத ஓரிடத்தில் சில வினாடிகளைத் தெரிவு செய்து, Analyze பட்டியலில் Plot Spectrum என்பதைத் திறந்தோம். அது எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்பதை வரைந்து காட்டும். Size என்ற இடத்தில் 16384 என்று வைத்தால் அருகருகே உள்ள சுருதிகளும் பிரிந்து தெரியும்.

இலங்கையில் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை மாறி மாறி ஓடுகிறது. ஆகவே வயர் வழியாக வரும் உறுமல் 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150, 200 ஆகியவற்றிலும் கூரிய மேடுகளாகத் தெரியும். ரியூப் லைற்றின் சோக்கும் ஃபேன் மோட்டாரும் காற்று வழியாக எழுப்பும் உறுமல் பெரும்பாலும் 100, 200, 300 இல் இருக்கும். ஆனால் நமது கசற்றில் மேடுகள் 103, 206, 309 என்ற இடங்களில் நின்றன.

இலங்கையின் மின்சாரம் 3 வீதம் கூடி ஓடுவதில்லை. கூடி ஓடியது கசற்தான். அன்று றெக்கோடரின் பற்றரி இறங்கியிருந்ததால் நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது எல்லாம் விரைவாகக் கேட்கிறது. 3 வீதம் என்றால் சுருதியில் ஏறக்குறைய அரை ஸ்வரத்தின் பாதி. மூத்தம்மாவின் குரல் சற்று மெலிந்தும் இளமையாகவும் கேட்டதற்கு இதுதான் காரணம். "உம்மம்மாட குரல் இப்பிடி இல்லையே" என்று வீட்டார் சொல்லிக்கொண்டிருந்ததும் இதனால்தான்.

ஆகவே முதல் வேலை துடைப்பது அல்ல, வேகத்தைத் திருத்துவது. Effect பட்டியலில் Change Speed and Pitch என்றிருக்கும். பழைய பதிப்புகளில் Change Speed மட்டும் இருக்கும். முழுப் பதிவையும் தெரிவு செய்து Speed Multiplier இல் 0.971 என்று இட்டோம். 100 ஐ 103 ஆல் வகுத்தால் வருவது அது. மறுபடி வரைந்து பார்த்தபோது மேடுகள் 100, 200, 300 இல் வந்து நின்றன. உறுமலைத் துடைத்த பிறகு இந்தக் கணக்கைப் போட முடியாது, அளவுகோலே அழிந்துவிட்டிருக்கும். துடைக்குமுன் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். ஒரு நிபந்தனையும் உண்டு. இந்தக் கணக்குக்கு எடுக்கும் உறுமல் கசற்றில் பதிந்ததாக இருக்க வேண்டும். உங்கள் வயரில் இன்று வருவதாக இருந்தால் அது எப்போதும் 50 ஐயே காட்டும்.

உறுமலை ஊசியால் எடுத்தல்

உறுமல் ஒரு சில சுருதிகளில் மட்டும், அசையாமல் நிற்கிறது. அதனால் அதற்கு வேறு கருவி. இரைச்சல் துடைப்பானை அதற்குப் பயன்படுத்தினால் தேவையில்லாத இடங்களையும் துடைக்கும்.

முதலில் High-Pass Filter. இது குறிப்பிட்ட சுருதிக்குக் கீழே உள்ளதை இறக்கிவிடும். 80 ஹேர்ட்ஸ் என்றும், சரிவு 24 டெசிபெல் என்றும் வைத்தோம். மேசையில் கை பட்ட ஒலி, மோட்டாரின் கீழ்முழக்கம் எல்லாம் இதில் அடங்கின. முதிய பெண்ணின் குரல் 150, 200 ஹேர்ட்ஸ் பக்கத்தில் தொடங்குவதால் 80 இற்குக் கீழே அவருடைய குரல் எதுவும் இல்லை. கனத்த குரலுள்ள ஆண்களின் பேச்சு 100 இற்குக் கீழும் இறங்கும். அவர்களுக்கு 60 போதும். கூடுதலாக வெட்டினால் குரலின் நெஞ்சு போய்விடும். ரெலிபோனில் கதைப்பது போலாகும்.

அடுத்தது Notch Filter. இது ஒரு சுருதியை மட்டும் ஊசிபோலத் தோண்டி எடுக்கும். Frequency என்பதில் 100 என்றும், Q என்பதில் 30 என்றும் கொடுத்தோம். Q கூடக் கூடத் தோண்டும் குழி ஒடுங்கும். 100 ஹேர்ட்ஸில் 30 என்றால் குழியின் அகலம் 3 ஹேர்ட்ஸ் சொச்சம்தான். பேசும் குரல் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதால் இவ்வளவு ஒடுங்கிய குழியில் அது தங்குவதில்லை, கடந்து போய்விடும். காதுக்கு எதுவும் தெரியாது. பிறகு அதேபோல 300 இலும் ஒன்று.

200 இல் மட்டும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. பேசும்போது அங்கே குழி தோண்டினால் தவறில்லை. ஆனால் கவி பாடும்போது மூத்தம்மா ஒரே சுருதியை இழுத்துப் பிடிக்கிறார். அந்தச் சுருதி 200 இற்குப் பக்கத்தில் வருகிறது. அங்கே குழி இருந்தால் நீட்டிய குரல் நடுவில் உள்வாங்கி வெறுமையாகும். ஆகவே பேச்சுப் பகுதிக்கு மட்டும் 200 இல் குழி தோண்டி, கவிப் பகுதியில் அந்த உறுமலை விட்டுவிட்டோம். பாட்டுக்குக் கீழே அது கேட்கவும் இல்லை.

வரைபடத்தில் காணும் மேடுகளுக்கு மட்டுமே குழி. "எதுக்கும் இருக்கட்டும்" என்று 150, 250, 350 எனப் பத்துக் குழிகளைத் தோண்டினால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

'ஷ்ஷ்' என்ற இரைச்சலைக் குறைத்தல்

இப்போது எஞ்சியிருப்பது நாடாவின் இரைச்சலும் ஃபேன் காற்றும். இவை எல்லாச் சுருதிகளிலும் பரவிக் கிடப்பதால் ஊசி உதவாது. Noise Reduction என்ற கருவி வேண்டும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் மெசின் குரல் எங்கிருந்து பிறக்கிறது என்பதும் விளங்கும்.

இக்கருவி ஒலியை மிகச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கு அளவு. ஒவ்வொரு துண்டையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுருதிப் பட்டைகளாகப் பிரிக்கிறது. ஆயிரம் சிறு கதவுகள் வரிசையாக நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் வெறும் இரைச்சல் உள்ள ஓரிடத்தைக் காட்டி "இதுதான் இரைச்சல்" என்று சொல்கிறீர்கள். ஒவ்வொரு கதவும் தன் பட்டையில் எவ்வளவு இரைச்சல் என்பதைக் குறித்துக்கொள்கிறது. பிறகு முழுப் பதிவும் ஓடும்போது, அந்த அளவுக்கு மேல் ஒலி வந்தால் கதவு திறக்கும். குறைவாக வந்தால் நீங்கள் சொன்ன டெசிபெல் அளவுக்குச் சாத்தும்.

இரைச்சல் ஒரே அளவாக நிற்பதில்லை. கொதிக்கும் தண்ணீர் போலக் குதிக்கும். ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கதவுகள் ஒரு கணம் தவறுதலாகத் திறந்து மூடும். சுற்றியுள்ளவை நன்றாகச் சாத்தியிருந்தால் அந்தத் தனிக் கதவின் ஒலி ஒரு சிறு மணிபோலக் கேட்கும். இப்படி நூற்றுக்கணக்கானவை சேர்ந்து, தண்ணீருக்குள் யாரோ சிலம்பு குலுக்குவது போன்ற ஒரு மினுமினுப்பாகும். மெசின் குரலின் முதல் பாதி இது. குரலின் மெல்லிய பகுதிகள், அதாவது 'ஸ' ஒலிகளும் சொற்களின் வால்களும், இரைச்சல் அளவுக்குக் கீழே விழுவதால் கதவுகள் அவற்றின் மேல் சாத்தப்படுவது இரண்டாம் பாதி. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: கதவை அளவுக்கு மீறிச் சாத்துவது.

ஆகவே மருந்தும் ஒன்றே. இரைச்சலை அழிக்க முயலாமல் இறக்கி வைக்க வேண்டும். 6 டெசிபெல் என்றால் இரைச்சலின் அலையளவு பாதியாகும். 12 என்றால் கால்வாசி. 24 என்றால் பதினாறில் ஒன்று. வீட்டாரிடம் இருந்த பழைய பிரதியில் வசனங்களுக்கு நடுவே முழு மௌனம் நிலவியது. அது 24 அல்லது அதற்கு மேல் சாத்தியதன் அடையாளம்.

நாம் செய்தது இது. இரைச்சல் மாதிரிக்காக, பேரன் கேள்வி கேட்டு மூத்தம்மா யோசிக்கும் ஓரிடத்தில் ஒன்றரை வினாடியைத் தெரிவு செய்தோம். கசற்றின் தொடக்கத்தில் உள்ள வெற்று நாடாவை எடுக்கவில்லை. அதில் நாடாவின் இரைச்சல் உண்டு, அறையின் ஃபேன் இல்லை. மாதிரிக்குள் மூச்சொலியோ, சேலை உரசும் ஒலியோ வராமலும் பார்த்துக்கொண்டோம். மூச்சு உள்ளே வந்தால் கருவி மூச்சையும் இரைச்சல் என்று படித்துக்கொண்டு, மூச்சுபோல ஒலிக்கும் 'ஹ'வைத் துடைக்கும்.

அந்த இடத்தைத் தெரிவு செய்தபடி Noise Reduction ஐத் திறந்து Get Noise Profile ஐ அழுத்தினோம். பின் முழுப் பதிவையும் தெரிவு செய்து, மறுபடி அதே கருவியைத் திறந்து, மூன்று எண்களை இட்டோம். Noise reduction (dB) இல் 8. Sensitivity இல் 5. இது கதவுகள் எவ்வளவு எளிதாகச் சாத்தப்படும் என்பது, கூடினால் 'ஸ' போகும், மிகவும் குறைந்தால் மினுமினுப்பு வரும். Frequency smoothing (bands) இல் 6. இது ஒவ்வொரு கதவையும் அக்கம்பக்கத்துக் கதவுகளோடு சேர்த்து அசையச் செய்வது. தனிக்கதவு மணியடிப்பதை இது அடக்கும். பேச்சுக்கு இந்த அளவு பொருந்தும்.

துடைத்து எறிந்ததைக் கேட்டல்

இக்கருவியின் மிகப் பயனுள்ள பகுதி பலரும் தொடாமல் விடும் ஒரு தெரிவு. கீழே Reduce, Residue என்று இரண்டு இருக்கும். Residue ஐத் தெரிவு செய்து Preview ஐ அழுத்தினால் மிஞ்சும் குரல் கேட்காது. துடைத்து எறியப்போகும் கழிவு கேட்கும். கூட்டிய குப்பையை வாசலில் கொட்டுமுன் கிளறிப் பார்ப்பது போன்றது இது. கழிவில் ஒரே சீரான 'ஷ்ஷ்' மட்டும் கேட்டால் நல்லது. அதற்குள் பேய்க்குரல் போல மூத்தம்மாவின் சொற்கள் கேட்டால், நீங்கள் எறிவது குரலைத்தான்.

முதலில் சோதனைக்காக 18 டெசிபெல், Sensitivity 8 என்று வைத்துக் கழிவைக் கேட்டோம். சூறாவளி எப்போது பிடித்தது என்று சொல்லும் இடத்தில் "இஷாவுக்கு முந்தி" என்பதன் 'ஷா' தெளிவாகக் கழிவில் கிடந்தது. 'ஸலீம்' என்பதன் 'ஸ்' முழுவதும் அங்கேதான் இருந்தது. பழைய பிரதியில் 'அலீம்' பிறந்த விதம் இதுதான். எண்களை 8, 5 என்று இறக்கியதும் கழிவில் சீரான இரைச்சல் மட்டும் மிஞ்சியது. பிறகே Reduce இற்கு மாற்றி OK கொடுத்தோம். Residue இலேயே விட்டு OK கொடுத்தால் கழிவு பதிவாகிவிடும், குரல் போய்விடும். அதைக் கவனமாகப் பாருங்கள்.

பதினான்காம் நிமிடத்துக்குப் பிறகு இரைச்சலின் தன்மை மாறியது. யாரோ ஃபேனை நிறுத்தியிருக்கிறார்கள். ஃபேனோடு எடுத்த மாதிரி ஃபேன் இல்லாத பகுதிக்குப் பொருந்தாது. இல்லாத இரைச்சலைத் தேடிக் குரலைத் துடைக்கும். ஆகவே அங்கே பதிவை இரண்டாகப் பிரித்து, பின்பகுதிக்கு அதன் சொந்த மாதிரியை எடுத்தோம். அங்கே 6 டெசிபெல்லே போதுமாக இருந்தது. நீண்ட பதிவை ஒரே மாதிரியால் துடைப்பவர்களுக்கு நடுவில் திடீரென்று குரல் கெட்டுப்போவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முடிவில் இரைச்சல் இன்னும் கேட்கும். கேட்கவேண்டும். தொடர்ந்து ஒரே அளவில் இருக்கும் மெல்லிய இரைச்சலைக் காது அரை நிமிடத்தில் மறந்துவிடும். ஆனால் சொல் வரும்போது இரைச்சலும் வந்து, சொல் நின்றதும் மௌனம் விழுமானால், காது ஒவ்வொரு முறையும் அதைக் கவனிக்கும். அதனால் இருமல், கதவு அடிக்கும் ஒலி முதலியவற்றை நீக்கிய இடங்களிலும் வெறும் மௌனத்தை வைக்கவில்லை. அதே அறையின் இரைச்சலிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டினோம்.

அறையின் எதிரொலி

இங்கே கருவியின் எல்லை வந்துவிடுகிறது. சீமெந்துத் தரையிலும் வெறும் சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி இரைச்சல் அல்ல. மூத்தம்மாவின் குரலேதான், சற்றுத் தாமதித்து வருகிறது. பேச்சு நின்ற இடத்தில் அது இல்லை, ஆகவே அதற்கு மாதிரி எடுக்க முடியாது. Sensitivity ஐக் கூட்டினால் எதிரொலியின் வால் வெட்டுப்படும், சொல்லின் வாலும் கூடவே வெட்டுப்படும். 'இத்ரீஸ்' 'இத்ரீ' ஆகும்.

நாம் செய்தது ஒன்றே ஒன்று. Filter Curve EQ இல் 250 இலிருந்து 500 ஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியை 3 டெசிபெல் இறக்கினோம். எதிரொலியின் கும்மென்ற கனம் பெரும்பாலும் அங்கேதான் சேர்கிறது. அறை போகவில்லை, சற்றுத் தள்ளிப்போனது. அதற்குமேல் ஆசைப்படவில்லை.

எப்போது நிறுத்துவது

ஒரு மணித்தியாலம் ஒரே பதிவைக் கேட்டவரின் காது நம்பத்தக்கதல்ல. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் மனப்பாடமாகியிருக்கும். இல்லாத எழுத்தும் கேட்கும். ஆகவே துடைக்கத் தொடங்குமுன்பே, மூலப் பதிவிலிருந்து ஸ, ஷ, ஹ, ஃப வரும் பத்துச் சொற்களை நேரத்தோடு குறித்துவைத்தோம். வேலை முடிந்ததும் கசற்றை முன்பு கேட்டிராத ஒருவரிடம் அந்த இடங்களை ஹெட்போனில் கேட்கக் கொடுத்து, கேட்டதை எழுதச் சொன்னோம். ஒன்பது சரியாக வந்தன. பத்தாவதை அவர் 'ஹமீது' என்று எழுதவில்லை, 'அமீது' என்று எழுதினார். மூலப் பதிவில் அதே இடத்தைக் கேட்கக் கொடுத்தபோதும் 'அமீது' என்றே எழுதினார். ஆக, அது துடைப்பால் போனதல்ல, பேச்சுவழக்கில் மூத்தம்மாவே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். மூலத்தையும் பிரதியையும் இப்படி ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்த அளவில் கேட்க வேண்டும். சத்தம் கூடிய பக்கம் எப்போதும் தெளிவானது போலத் தோன்றும்.

மூன்று கோப்புகளை வீட்டாரிடம் கொடுத்தோம். கை வைக்காத மூலம், வேகம் மட்டும் திருத்தியது, கேட்பதற்கான துப்புரவுப் பிரதி. கூடவே ஒரு தாளில், எந்த வரிசையில் எந்த எண்களைப் பாவித்தோம் என்று எழுதினோம். ஆய்வுக்காக மேற்கோள் எடுப்பவர் துப்புரவுப் பிரதியில் கேட்டு, சந்தேகமான சொல்லை மூலத்தில் சரிபார்க்க வேண்டும். பெயரும் எண்ணும் நேரமும் வரும் இடங்களில் சந்தேகம் இல்லாவிட்டாலும் சரிபார்ப்பது நல்லது.

இனிப் புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு இதிலிருந்து ஒரு கணக்கு. வாயிலிருந்து மைக் இருக்கும் தூரம் பாதியாகும்போது, நேரே வந்து சேரும் குரல் 6 டெசிபெல் கூடுகிறது. அறையின் இரைச்சலும் எதிரொலியும் அப்படியே இருக்கும். ஒரு மீற்றர் தள்ளி மேசையில் வைத்த போனைக் கால் மீற்றருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல் இலாபம். மேலே சொன்ன வேலையெல்லாம் சேர்ந்து நமக்குத் தந்ததைவிட அது கூடுதல். அதில் ஓர் எழுத்தும் சேதமாவதில்லை. ஃபேனை நிறுத்தி, போனை ஒரு தலையணையின் மேல் வைத்து, பெரியவருக்குப் பக்கத்தில் அமர்ந்துகொள்ளுங்கள். பதிவை அழுத்தியதும், "மூத்தம்மா, பத்து எண்ணுற மட்டும் கதைக்காம இரிங்க, மறுகா தொடங்குவம்" என்று சொல்லுங்கள். பின்னொரு நாள் அதைத் துப்புரவு செய்ய வருபவருக்கு அந்தப் பத்து வினாடி மௌனம்தான் இரைச்சல் மாதிரி.